இரண்டு பத்து ரூபாய் நாணயமும் ஒரு ஏர்பாட்ஸும்

2022 ஜூலையில் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு ஏமாற்றத்தை வாங்கினேன். வேலூரில் எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ, ஒயர் இல்லாமல் காதில் மாட்டுகிற பட்ஸ், என்று சொன்னார்கள். புதுசு, சீல் பிரிக்காதது, "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும் சார், உங்களுக்காக விட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர். அப்போது அதன் கடை விலை இருபதாயிரத்துக்கு மேல். அந்த இடத்திலேயே திரும்பி நடந்திருக்க வேண்டும். ஆனால் அவர் என் கையிலிருந்த ஐபோனை வாங்கி, டப்பாவின் மூடியைத் திறந்து பக்கத்தில் காட்டினார். ஸ்கிரீனின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு கார்டு எழுந்து வந்து, பட்ஸ் படம், சார்ஜ் சதவீதம் எல்லாம் காட்டியது. "டூப்ளிகேட்டுக்கு இது வருமா சார்?" என்றார். வராது என்றுதான் நானும் நினைத்தேன்.

வரும். இன்று எனக்குத் தெரிந்ததில் முதல் விஷயம் இதுதான். அந்தக் கார்டு வருவதற்குக் காரணம், பட்ஸ் ப்ளூடூத் வழியாக "நான் இன்ன மாடல்" என்று ஒரு சின்ன அறிவிப்பை விட்டுக்கொண்டே இருப்பது. அந்த அறிவிப்பை அப்படியே நகலெடுத்து அனுப்புகிற சிப் போட்டால் போதும், போன் நம்பிவிடும். வாசலில் வந்து "நான் தாலுகா ஆபீஸ்ல இருந்து வர்றேன்" என்று சொல்பவரிடம் அடையாள அட்டை கேட்காமல் உள்ளே விடுவது போல. செப்டம்பரில் iOS 16 வந்ததும் போனை அப்டேட் செய்தேன். அடுத்த நாள் காலை மூடியைத் திறந்தால், "Cannot Verify AirPods" என்று வந்தது. அதுவரை அடையாள அட்டை கேட்காத போன், அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்துவிட்டது. கடைக்குப் போனேன். பில் எங்கே என்றார்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு பார்ப்பவன். அங்கே ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் அதே மாடல், பில்லோடு வாங்கியது, இருந்தது. ஒரு மதிய இடைவேளையில் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்த அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

முதலில் கண்ணில் பட்டது விளக்கு. கேஸ் என்பது பட்ஸை வைத்துச் சார்ஜ் செய்யும் டப்பா. ப்ரோ கேஸின் முன்பக்கம், மூடி சேரும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, நட்ட நடுவில் குண்டூசி முனை அளவு ஒரு விளக்கு உண்டு. நண்பருடையதில் அது அடக்கமாக எரிந்து சில நொடிகளில் அணைந்தது. என்னுடையதில் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் சேர்ந்து பச்சையாகத் தெரிந்தது, உள்ளே டார்ச் வைத்த பூசணிக்காய் மாதிரி. ஆனால் பிரகாசத்தைவிட முக்கியமான ஒன்றை நண்பர்தான் கேட்டார். "உன்னுதுல எப்பவாவது ஆரஞ்சு வந்திருக்கா?" யோசித்துப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை. பச்சை எரியும், இல்லையென்றால் எரியாது.

ஒரிஜினலில் விளக்குக்கு ஒரு மொழி இருக்கிறது. பட்ஸ் உள்ளே இருக்கும்போது மூடியைத் திறந்தால் பட்ஸின் சார்ஜைச் சொல்லும். பட்ஸை வெளியே எடுத்துவிட்டால் கேஸின் சார்ஜைச் சொல்லும். பச்சை என்றால் நிறைந்திருக்கிறது. ஆரஞ்சு என்றால் பட்ஸை இன்னொரு முறை முழுதாக நிரப்பும் அளவுக்குக்கூடச் சார்ஜ் இல்லை. ப்ரோவின் முதல் இரண்டு தலைமுறையிலும் கேஸுக்குப் பின்புறம் ஒரு வட்டப் பட்டன் உண்டு. மூடியைத் திறந்து வைத்து அதை அழுத்திப் பிடித்தால் விளக்கு வெள்ளையாக மின்னும். புதிய போனோடு சேரத் தயார் என்று அர்த்தம். விடாமல் பதினைந்து நொடி வரை பிடித்தால் ஆரஞ்சாக மின்னி, பிறகு வெள்ளைக்கு வரும். அது ரீசெட். என்னுடையதில் பட்டனைத் தொட்ட உடனே வெள்ளை மின்னியது, எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஆரஞ்சு வரவேயில்லை. ஐபோன் இல்லாதவர்கள்கூட இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்கலாம். ரீசெட் வரை போவதானால் விற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்வது மரியாதை. நீலமோ சிவப்போ எரிந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், ஏர்பாட்ஸ் எதிலும் அந்த நிறங்கள் கிடையாது.

அடுத்தது காம்பு. காதிலிருந்து கீழே தொங்குகிற தண்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கத்தரிக்காய் ஊர்க்காரர்கள் அல்லவா. ப்ரோவின் காம்பில் ஒரு பக்கம் தட்டையாக, விரல் உட்காரும்படி லேசாகப் பள்ளமாக இருக்கும். அது தொட்டால் வேலை செய்யாது, கிள்ளினால்தான் வேலை செய்யும். இரண்டு விரலால் அழுத்தியதும் காதுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம், பட்டன் அழுத்தியது போலவே கேட்கும். உண்மையில் அங்கே அசைகிற பட்டன் எதுவும் இல்லை, சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. என்னுடையதில் காதில் சரி செய்யக் கை வைத்தாலே பாட்டு நின்றுவிடும். இரண்டு மாதமாக அது என் கை பலம் என்று நினைத்திருந்தேன்.

காம்பின் அடி நுனியையும், உடம்பில் இருக்கும் கறுப்புத் திட்டுகளையும் மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். ஒரிஜினலில் அந்தக் கறுப்பு இடங்களில் பெரும்பாலானவை நுண்ணிய வலை. உள்ளே மைக்கும் காற்றுத் துளையும் இருக்கின்றன. என்னுடையதில் அது வழவழப்பான கறுப்புப் பிளாஸ்டிக், சும்மா ஒட்டிய பொட்டு. நகத்தால் தடவினாலே வித்தியாசம் தெரிந்தது.

அன்று மாலை இன்னொரு வேலையும் செய்தோம். நண்பரின் மைத்துனருக்கு நகைப் பட்டறை இருக்கிறது. அங்கே தராசில் இரண்டையும் வைத்தோம். முதல் தலைமுறை ப்ரோவுக்குக் கம்பெனி சொல்லும் எடை, கேஸ் 45.6 கிராம், பட்ஸ் ஒவ்வொன்றும் 5.4 கிராம், மொத்தம் 56.4. நண்பருடையது அதை ஒட்டி நின்றது. என்னுடையது 47ஐத் தாண்டவில்லை. மைத்துனர் பார்த்துவிட்டு, "ஒன்பது கிராம் சேதாரமா, எங்க கடையிலேயே இவ்ளோ போடறதில்ல" என்றார். சிரித்துக்கொண்டுதான் வந்தேன், வேறென்ன செய்ய. எடை பார்ப்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. சில நகல்களில் உள்ளே இரும்புத் துண்டு வைத்துக் கனத்தைச் சரிக்கட்டுகிறார்கள். எடை குறைந்தால் போலி என்று உறுதியாகச் சொல்லலாம், எடை சரியாக இருந்தால் ஒரிஜினல் என்று சொல்ல முடியாது.

இந்த அனுபவம் சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு ஒரு பட்டத்தை வாங்கித் தந்தது. பட்ஸ் வாங்க வேண்டும் என்றால் என்னைக் கேட்பார்கள். அப்படித்தான் போன வருஷம் அக்கா மகன் கூப்பிட்டான். காட்பாடி பக்கம் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான்.

"மாமா, சீனியர் ஒருத்தர் ப்ரோ டூ விக்கிறார். டைப் சி. பதினோராயிரம் சொல்றார். இன்னா பண்ணட்டும்?"

"போட்டோ அனுப்பு."

வந்த படம் முன்பக்கம் மட்டும், அதுவும் மெத்தை மேல் வைத்து எடுத்தது. அதிலேயே ஒன்று தெரிந்தது. கேஸின் வலது ஓரத்தில் கயிறு கோர்க்கிற உலோக வளையம் இருந்தது. முதல் தலைமுறையில் அது கிடையாது, 2022 செப்டம்பரில் வந்த இரண்டாம் தலைமுறையில்தான் வந்தது. படத்தில் வளையம் இல்லாமல் யாராவது ப்ரோ டூ என்றால் அது பழைய ப்ரோவைப் புதிதாக விற்பது. வளையம் இருந்தால் மட்டும் நம்பிவிடக் கூடாது, போலி செய்பவர்களுக்கு வளையம் போடத் தெரியாதா.

நான்கு படம் கேட்கச் சொன்னேன். கேஸின் அடிப்பக்கம், பின்பக்கம், மூடியின் உட்பக்கம், அப்புறம் இரண்டு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்து அதன் மேல் கேஸ். கடைசியைக் கேட்டு அவன் சிரித்தான். காரணம் எளிது. பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27 மில்லி மீட்டர். இரண்டு சேர்ந்தால் 54. ப்ரோவின் முதல் இரண்டு தலைமுறைக் கேஸும் 60.6 மில்லி மீட்டர் அகலம், அதாவது நாணயங்களை மறைத்து இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீளும். ஏர்பாட்ஸ் 3 கேஸ் ஏறத்தாழ நாணயங்களோடு சமமாக நிற்கும், அது 54.4. ஏர்பாட்ஸ் 4 இன்னும் சிறிது, 50.1 தான், நாணயம் வெளியே தெரியும். முதல் இரண்டு தலைமுறை சாதா ஏர்பாட்ஸ் கேஸ் நிமிர்ந்து நிற்கிற வடிவம், அதை யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். படத்தில் அளவு தெரியாமல்தான் ஏமாறுகிறோம். மெத்தை மேல் வைத்தால் எல்லாக் கேஸும் ஒரே அளவு. இந்த ஊரில் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று வதந்தி கிளம்பி, பஸ்ஸிலும் கடையிலும் வாங்காமல் திருப்பித் தந்த காலம் ஒன்று இருந்தது. எதைப் போலி என்று ஊரே தள்ளியதோ அதை வைத்துப் போலியைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம்.

படங்கள் ராத்திரி வந்தன. நாணயச் சோதனையில் தேறியது. அடிப்பக்கப் படத்தில் போர்ட்டுக்குப் பக்கத்தில் சிறு துளைகள் இருந்தன. இரண்டாம் தலைமுறைக் கேஸுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர் உண்டு, தொலைந்தால் சத்தம் போட. அதற்கான துளைகள் அவை. ஆனால் போர்ட் டைப் சி இல்லை, லைட்னிங். அது ஒல்லியான பழைய ஐபோன் ஓட்டை. டைப் சி கேஸ் 2023 செப்டம்பரில்தான் வந்தது. சீனியரைக் கேட்டால், "ஓ, அது லைட்னிங்தான் ப்ரோ, நான் பாக்கல" என்றாராம். ஒரு வருஷமாகத் தினமும் சார்ஜ் போடுகிற ஓட்டையைப் பார்க்காதவர். அப்போதே எனக்கு வேண்டாம் என்று பட்டது. பையனுக்கு ஆசை விடவில்லை. விலையை எட்டாயிரத்துக்கு இறக்கியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காட்பாடி ரயில் நிலையம் பக்கம் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். சீனியர் பையன் பார்க்க நல்ல பிள்ளையாக இருந்தான். முதலில் மூடி. ஒரிஜினலில் பாதி தூரம் தள்ளினால் போதும், காந்தம் மீதியை இழுத்துக்கொண்டு 'டப்' என்று மூடும், திறந்த நிலையில் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடாது. இது சரியாக இருந்தது. மூடியின் உட்பக்கச் சீரியல் எண் மங்கிய சாம்பல் நிறத்தில், தடவினால் விரலில் ஒட்டாமல் இருந்தது. சீனியரிடம் சார்ஜர் கேபிள் இருந்தது. அதை பவர் பேங்கில் மாட்டிக் கேஸில் செருகினேன். கேஸே ஒரு மெல்லிய மணி ஓசை கொடுத்தது. போலிகளில் அடித் துளைகள் பெரும்பாலும் வெறும் குழிகள், ஓசை வராது.

அப்புறம் சீரியல் எண்ணை checkcoverage.apple.com தளத்தில் போட்டோம். ப்ரோ இரண்டாம் தலைமுறை என்று வந்தது. பையன் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மாமா" என்றான். இங்கேதான் நிறைய பேர் நிறுத்திக்கொள்வார்கள். போலி செய்கிறவர்கள் ஒரு ஒரிஜினலின் எண்ணை எடுத்து ஆயிரம் கேஸில் அச்சடிக்கிறார்கள், தளமும் சரி என்றுதான் சொல்லும். எண் உண்மையானது என்று அது சொல்கிறது, அந்த எண் உங்கள் கையில் இருக்கும் கேஸுடையதுதானா என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆகவே எண்ணை வெளியிலும் உள்ளேயும் ஒப்பிட வேண்டும். போனோடு சேர்த்த பிறகு Settings உள்ளே ஏர்பாட்ஸின் பக்கத்தைத் திறந்தால் Model Number, Serial Number, Version என்று வரிகள் இருக்கும். Serial Number வரியைத் தொட்டுக்கொண்டே இருந்தால் இடது பட்ஸ், வலது பட்ஸ், கேஸ் என்று மாறி மாறிக் காட்டும். மூன்றும் மூன்று வேறு எண்கள். கேஸின் எண், மூடிக்குள் அச்சடித்ததோடு ஒத்துப்போக வேண்டும். மூன்றிலும் ஒரே எண் வந்தாலோ, தொட்டாலும் மாறாவிட்டாலோ போலி. Model Number கடைசியில் HN/A என்று முடிந்தால் இந்தியாவில் விற்றது. துபாயிலிருந்து மச்சான் கொண்டு வந்தது என்றால் வேறு எழுத்து இருக்கும், அதனால் மட்டும் போலி ஆகிவிடாது.

அதற்காகச் சேர்க்கப் போனேன். முதலில் சீனியரின் போனில் Forget This Device கொடுக்கச் சொன்னேன். இதை விட்டுவிட்டு வாங்கினால் பட்ஸ் பழைய ஆளின் கணக்கோடு கட்டிப்போட்டபடியே இருக்கும், ஒரிஜினலாக இருந்தும் முழுப் பயன் கிடைக்காது. திருட்டுப் பொருளும் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்ளும், விற்பவர் 'அந்தப் போன் வீட்ல இருக்கு' என்பார். இவன் உடனே செய்தான். அப்புறம் மூடியைத் திறந்து பின் பட்டனைப் பிடித்தேன். வெள்ளை வரவில்லை. ஆரஞ்சு மின்னியது. பதினைந்து நொடி பிடித்தேன், இருபது பிடித்தேன். ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு.

"சார்ஜ் கம்மியா இருக்கும் அங்கிள், அதான்" என்றான் சீனியர்.

சார்ஜ் குறைந்தால் ஆரஞ்சு நிலையாக எரியும். மின்னினால் வேறு சேதி. உள்ளே ஏதோ ஒன்று மற்றொன்றோடு சேரவில்லை என்று அர்த்தம். போலியாக இருந்தால் இந்த அளவு நேர்மையாகக் குறை சொல்லாது என்பதால் எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது. இரண்டு பட்ஸையும் எடுத்து, அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மாடல் எண்ணை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நாற்பது வயதுக்கு மேல் இது கண்ணால் ஆகாது, போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்க வேண்டும். இடதில் A2699. அது இரண்டாம் தலைமுறை. வலதில் A20 என்று தொடங்கியது. A2083, A2084 இரண்டுமே முதல் தலைமுறை ப்ரோவின் எண்கள். கேஸ் ஒரிஜினல், இடது ஒரிஜினல், வலதும் ஒரிஜினல். ஆனால் வலது வேறு குடும்பத்துப் பிள்ளை.

அளவிலும் உருவத்திலும் இரண்டு தலைமுறையும் அவ்வளவு ஒன்று. அதே கேஸில் உட்கார்ந்துவிடும், பார்த்தால் தெரியாது. ஆனால் ஒன்றோடொன்று ஜோடி சேராது. தராசும் இங்கே கைவிட்டிருக்கும். ப்ரோ இரண்டின் பட்ஸ் 5.3 கிராம், பழையது 5.4. அந்தப் பத்தில் ஒரு பங்கு கிராமை எந்த டீக்கடையில் நிறுப்பது?

நான் எண்களைக் காட்டியதும் சீனியர் கொஞ்ச நேரம் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான். ஹாஸ்டலில் வலது பக்கத்தைத் தொலைத்துவிட்டான். தெரிந்தவர் ஒருவரிடம் ஒற்றையாக 1,500 ரூபாய்க்கு வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறான், சேரவில்லை. இடது மட்டும் வைத்துக்கொண்டு பாட்டு கேட்டு வந்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த 1,500 ரூபாயில் அவனும் என்னைப் போல ஒருவன்தான்.

ஒன்று செய்யலாம் என்றேன். வலது ஒற்றையைக் கம்பெனியின் அங்கீகாரச் சேவை மையத்தில் தனியாகக் கேட்டு வாங்க முடியும். அதன் விலையைத் தெரிந்துகொண்டு, அதைக் கழித்து ஒரு விலை பேசுங்கள். இருவரும் தலையாட்டினார்கள். ஆனால் அதைக் கணக்குப் போட்டதில், சேர்த்து வரும் தொகை சீனியர் கேட்டதைத் தாண்டிப் போனது. அந்த ஜோடி கைமாறவில்லை.

டீக்கடையில் இன்னொன்றும் பார்க்க நினைத்திருந்தேன், ஜோடி சேராததால் முடியவில்லை. இரைச்சலை அடக்குகிறதா என்ற சோதனை. அதற்குப் பாட்டு வேண்டாம். இரண்டையும் காதில் வைத்து, நின்றபடி இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் பஸ் பக்கத்தில் நில்லுங்கள். காம்பைக் கிள்ளிப் பிடித்து மாற்றினால், ஒரு நிலையில் அந்த 'ங்ங்ங்' என்ற உறுமல் சட்டென்று கீழே இறங்க வேண்டும். மறுநிலையில் கண்டக்டர் கூவுவது காதுக்குள் வந்து கூவுவது போலத் தெளிவாகக் கேட்க வேண்டும். பல போலிகளில் மாறியதற்கான ஓசை மட்டும் கேட்கும், உறுமல் அப்படியே இருக்கும். இப்போது ஓரளவு அடக்குகிற நகல்களும் வந்துவிட்டன. ஆனாலும் ஒரு தடவை ஒரிஜினலில் கேட்டவர்கள் ஏமாற மாட்டார்கள், புது பஸ் ஸ்டாண்டில் இந்தச் சோதனைக்கு ஒரு நாளும் பஸ் தட்டுப்பாடு வராது.

மற்ற கம்பெனி பட்ஸ்களுக்கும் இப்படி அடையாளங்கள் உண்டுதான். சாம்சங் பட்ஸ்2ல் காம்பே இல்லை, பட்ஸ்3 ப்ரோவில் முக்கோணக் காம்பும் அதில் விளக்குக் கோடும், கேஸில் உள்ளே தெரிகிற மூடியும். ஆனால் எங்கள் பக்கம் போலிச் சந்தை முழுக்க வெள்ளை ப்ரோவைச் சுற்றித்தான், அதனால் நான் அதிலேயே நின்றுவிட்டேன். என் பழைய 6,500 ரூபாய் டப்பாவை அம்மா எடுத்துக்கொண்டார். பட்ஸை எடுத்து வைத்துவிட்டு ஏலக்காய் போட்டிருக்கிறார். மூடி மட்டும் நன்றாகவே மூடும், காந்தத்தில் அவர்கள் கஞ்சத்தனம் செய்யவில்லை.

போன வாரம் அக்கா மகன் மறுபடி படம் அனுப்பினான். நான் கேட்காமலேயே இரண்டு பத்து ரூபாய் நாணயத்தோடு. கேஸின் இரண்டு பக்கமும் நாணயம் லேசாக எட்டிப் பார்த்தது.

"ப்ரோன்னுதான் போட்டிருக்கார் மாமா. ரப்பர் மாட்டினா காது வலிக்குதுன்னு கழட்டி வெச்சிருக்காராம்."

"கேஸ் பின்பக்கம் பட்டன் இருக்கா கேளு."

ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. "இல்லையாம் மாமா. ஏர்பாட்ஸ் நாலு தானே இது?"

அடுத்த செய்தியையும் அவனே அனுப்பினான். "விலை கேட்டுப் பாக்கறேன்."